கணக்காளரின் ரெஸ்யூம்: எழுதிய வரிக்கு யார் பொறுப்பு?

கணக்காளர் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களைத் தொடர்ந்து படித்தால், எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் எழுதினாரோ என்று சந்தேகம் வரும். ‘டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஆடிட், பைனலைசேஷன் வரை பார்த்த அனுபவம்’ என்று ஒரு வரி இருக்கும். கீழே பிறந்த தேதி, அப்பா பெயர், சில சமயம் பான் எண்கூட இருக்கும். வேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்த ஒரு வரி ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அந்த வரியில் வரும் சில வேலைகளைச் சட்டப்படி கணக்காளர் செய்ய முடியாது. செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால், நாளை முன்னாள் நிறுவனத்தின் கணக்கில் கோளாறு கிளம்பும்போது அது அவருக்கு எதிராகவே எடுத்துக் காட்டப்படலாம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனம், கூட்டாண்மை, ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்குவார்கள். நிட்டிங், டையிங், காம்பேக்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். அங்கே நான்கு வருடம் கணக்குப் பார்த்த பி.காம். படித்த பெண் ஒருவர் கோயம்புத்தூரில் வேறு வேலைக்கு முயல்கிறார். அவருடைய ரெஸ்யூமிலும் மேலே சொன்ன அதே வரிதான் இருக்கிறது.

ரிட்டர்ன் போட்டது யார்?

ஜிஎஸ்டியில் மாதாந்தர வேலைக்கு மூன்று தேதிகள் முக்கியம். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு அடுத்த மாதம் 11-ம் தேதி கடைசி. சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து நமக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரிப் பட்டியலான 2பி, 14-ம் தேதி வரும். வரியைக் கட்டி 3பி போட 20-ம் தேதி கடைசி. நம் கணக்காளர் இந்த மூன்றையும் நான்கு வருடம் தவறாமல் பார்த்திருக்கிறார். ஆனால் 3பி-யை ‘பைல்’ செய்தவர் அவரில்லை. அவர் தயார் செய்து ஏற்றினார். கூட்டாளி ஒருவர் தன் கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கொடுத்தார், அல்லது டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் சொருகினார். சட்டத்தின் பார்வையில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் அந்தக் கூட்டாளிதான், தாக்கல் செய்தவரும் அவர்தான்.

ஆகவே ரெஸ்யூமில் ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன்’ என்பதற்குப் பதில், ‘விற்பனைப் பதிவேட்டிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1 தயார் செய்து ஏற்றினேன், 2பி-யோடு கொள்முதலை ஒப்பிட்டு 3பி வரைவு கொடுத்தேன், கூட்டாளி ஒப்புதலுடன் தாக்கலானது’ என்று எழுதுவதே உண்மை. இதனால் மதிப்பு குறையாது. நேர்காணல் நடத்துபவருக்கு வேலை தெரிந்த ஆள் என்பது இந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டிய வரிப் பொறுப்பு 3பி-யில் தானாக வந்து விழுகிறது, அங்கே திருத்த முடியாது. தவறு இருந்தால் 3பி போடும் முன்பே ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகச் சரிசெய்ய வேண்டும். ‘3பி-யில் எண்ணை மாற்றிப் போட்டுவிடுவேன்’ என்று இன்றைக்கும் நேர்காணலில் பதில் சொல்பவர், ரெஸ்யூமில் எத்தனை வருட அனுபவம் எழுதியிருந்தாலும் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார்.

சின்ன நிறுவனங்களில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ‘முதலாளி போனை எடுக்க மாட்டார், உன் நம்பரையே கொடுத்துடும்மா’ என்று சொல்லி, ஜிஎஸ்டி பதிவில் கணக்காளரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுவார்கள். சில இடங்களில் அவரையே கையொப்பதாரராக்கிவிடுவதும் உண்டு. மாதா மாதம் ஓடிபி அவர் கைக்கு வரும். வேலையை விட்ட பிறகும் வரும். அந்த நிறுவனம் பின்னாளில் சரக்கே நகராமல் பில் மட்டும் கொடுத்து மாட்டிக்கொண்டால், விசாரிப்பவர்கள் முதலில் தேடுவது ஓடிபி போன எண்ணைத்தான்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஆனால் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் பதிவு விவரங்களைத் திறந்து கையொப்பதாரர் யார், எந்த எண், எந்த மின்னஞ்சல் என்று பாருங்கள். உங்களுடையது இருந்தால், பதிவுத் திருத்தத்தின் மூலம் கூட்டாளியின் எண்ணுக்கு மாற்றச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் உங்கள் மேசை டிராயரில் கிடந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 42-வது பிரிவின்படி அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அதன் உரிமையாளர். வேறொருவர் கையில் இருப்பது இருவருக்குமே நல்லதல்ல.

ஆடிட்டர் அலுவலகங்களில் தனிநபர் வருமான வரி ரிட்டர்ன் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அதிகபட்ச ரீபண்ட் வாங்கிக் கொடுத்தேன்’ என்று பெருமையாக எழுதும் வழக்கம் இருக்கிறது. 2025 ஜூலையில் பொய்யான கழிவுகளைக் காட்டி ரீபண்ட் பெற்றுத் தந்த இடைத்தரகர்கள்மீது வருமான வரித்துறை பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. பொய் ரிட்டர்னுக்கு உடந்தையாக இருப்பதும் வரிச் சட்டத்தில் தனிக் குற்றம். அந்தப் பெருமை ரெஸ்யூமுக்கு வேண்டாம்.

மாத முடிவு: இங்கேதான் ஆள் தெரியும்

‘மந்த் எண்ட் குளோசிங் செய்தேன்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரு மாதத்தையாவது முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நம் கணக்காளரின் நவம்பர் மாதத்தை எடுத்துக்கொள்வோம்.

டேலியில் கொள்முதல் பில்களின் மேல் உள்ளீட்டு வரி 1,92,000 ரூபாய். டிசம்பர் 14 அன்று வந்த 2பி-யில் இருப்பது 1,74,000. பதினெட்டாயிரம் இடிக்கிறது. அவசரக்காரர் டேலி எண்ணையே 3பி-யில் போட்டுவிடுவார். பயந்தவர் 2பி எண்ணைப் போட்டுவிட்டு வித்தியாசத்தை மறந்துவிடுவார். இவர் பில் பில்லாகத் தேடினார்.

அதில் 12,000 ரூபாய் ஒரே நூல் பில்லுடையது. பில் தொகை 2,40,000, வரி 5 சதவீதம். அந்த சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர், இடையில் பில்லை ஏற்றவில்லை. அக்டோபர்-டிசம்பர் காலாண்டு விவரத்தை அவர் ஜனவரி 13-க்குள் போட்டால் டிசம்பர் 2பி-யில் வந்துவிடும். அதுவரை அந்த 12,000-ஐ எடுக்கக் கூடாது. எடுத்து வரி கட்டப் பயன்படுத்திவிட்டால் 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட நேரலாம்.

மீதி 6,000 ரூபாயின் கதை வேறு. ஒரே பில்லை இரண்டு பேர் இரண்டு முறை பதிந்திருக்கிறார்கள். ஒருவர் பில் எண்ணை ‘124’ என்றும், மற்றவர் ‘124/25-26’ என்றும் போட்டதால் பட்டியலில் கண்ணுக்குப் படவில்லை. 1,20,000 ரூபாய் பில், வரியோடு 1,26,000. இது வரி வித்தியாசத்தோடு நிற்காது. செலவு 1,20,000 கூடியிருக்கும், லாபம் அவ்வளவு குறைந்திருக்கும், சப்ளையருக்கு 1,26,000 கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாகக் கணக்கு காட்டும். இது எப்படித் தெரிந்தது? சப்ளையரிடம் கணக்குப் பட்டியல் வாங்கி நம் லெட்ஜரோடு வைத்துப் பார்த்தபோது அதே 1,26,000 இடித்தது. கண்டுபிடித்திருக்காவிட்டால் ஒருநாள் அந்தப் பணம் வங்கியிலிருந்தும் போயிருக்கும்.

மூன்றாவதாக, டையிங் யூனிட்டிலிருந்து கடைசிப் பத்து நாள் வேலைக்குப் பில் இன்னும் வரவில்லை. துணி திரும்பி வந்துவிட்டது, டெலிவரி சலான்கள் கையில் இருக்கின்றன. சலானில் உள்ள கிலோவை ஒப்பந்த ரேட்டால் பெருக்கி 1,50,000 ரூபாய் என்று கணக்கிட்டு, அந்தச் செலவுக்கு ஜர்னலில் ஒதுக்கீடு போட்டார். பில் வராததால் அதற்கு உள்ளீட்டு வரி எடுக்கவில்லை. பில் வந்ததும் ஒதுக்கீட்டைத் திருப்பிவிட்டு உண்மைத் தொகையைப் பதிவார். இதைச் செய்யாவிட்டால் நவம்பர் லாபம் ஊதிக் கிடக்கும், டிசம்பர் லாபம் காரணமில்லாமல் இளைக்கும். முதலாளி அதைப் பார்த்து விலையைக் குறைத்து ஆர்டர் எடுத்துவிட்டால் நஷ்டம் நிஜமாகிவிடும்.

இவ்வளவையும் ரெஸ்யூமில் எழுதத் தேவையில்லை. ‘மாத முடிவில் 2பி ஒப்பீடு, சப்ளையர் கணக்கு ஒப்பீடு, வங்கி ஒப்பீடு, பில் வராத ஜாப் ஒர்க்குக்குச் சலான் அடிப்படையில் ஒதுக்கீடு’ என்று ஒரு வரி போதும். மீதியை நேர்காணலில் சொல்லலாம். ஆனால் சான்றாகக் காட்ட முன்னாள் நிறுவனத்தின் டிரயல் பேலன்ஸையோ டேலி பேக்கப்பையோ பென் டிரைவில் கொண்டுபோகக் கூடாது. அது அவர்கள் சொத்து. அதைக் கொண்டுவந்து காட்டுபவரை எந்தப் புது முதலாளியும் நம்ப மாட்டார், நாளை தன் கணக்கும் இப்படித்தான் வெளியே போகும் என்று அவருக்குத் தெரியும். வேண்டுமானால் கற்பனை எண்களை வைத்து ஒரு பக்க மாதிரி ஒப்பீட்டுத் தாள் தயார் செய்து கொண்டுபோகலாம்.

ஆடிட்டுக்கு ஒத்துழைத்ததும் ஆடிட் செய்ததும்

வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உரிமை. உறுப்பினராகாதவர் தன்னைப் பட்டயக் கணக்காளர் என்று காட்டிக்கொள்வது 1949-ம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர்கள் சட்டப்படி குற்றம். இன்டர் மட்டும் முடித்தவர்கள் பெயருக்கு முன்னால் ‘சிஏ’ போட்டுக்கொள்வதும் இதில் சேரும்.

ரெஸ்யூம்களில் அடிக்கடி வந்து மாட்டிவிடுவது ‘ஜிஎஸ்டி ஆடிட், 2022-23’ போன்ற வரி. பட்டயக் கணக்காளர் சான்றளிக்கும் ஜிஎஸ்டி தணிக்கை 2020-21 கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்கள் ஜிஎஸ்டிஆர்-9சி படிவத்தைத் தாங்களே சான்றளித்துப் போடுகிறார்கள். துறை அதிகாரிகள் வந்து செய்யும் தணிக்கை இன்றும் உண்டு. அதற்கு ஆவணம் எடுத்துக் கொடுத்திருந்தால் ‘துறைத் தணிக்கைக்கு ஆவணங்கள் கொடுத்தேன்’ என்று எழுத வேண்டும். நடக்காத தணிக்கையைச் செய்ததாக எழுதினால், தெரிந்தவர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்.

நம் கணக்காளரின் நிறுவனத்துக்கு வருமான வரித் தணிக்கை உண்டா? விற்பனை 6 கோடி. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை தணிக்கை தேவையில்லை. தாண்டினால் 1 கோடி வரம்பு பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை தோறும் பீஸ் ரேட் கூலி ரொக்கமாகப் போகும் கம்பெனி இது. அதனால் ரொக்கச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டியது, தணிக்கை வந்தது. இந்தக் கணக்கைப் போட்டு ஆடிட்டரிடம் கொடுத்தவர் இவர்தான். அதோடு குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சட்டம் தரும் கெடுவை, அதாவது எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்பதைத் தாண்டிய பாக்கிகளைப் பிரித்துப் பட்டியலும் கொடுத்தார். 2023-24 முதல் அந்தப் பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்பதால் ஆடிட்டருக்கு அது அவசியம். அவர் ரெஸ்யூமில் இருக்க வேண்டியது இந்த இரண்டும்தான். ‘பைனலைசேஷன்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதில் எதுவும் தெரிவதில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ‘44ஏபி, 26க்யூ’ என்று எண்களை மட்டும் அடுக்காமல், ‘வரித் தணிக்கை, சம்பளம் அல்லாத டிடிஎஸ் காலாண்டு ரிட்டர்ன்’ என்று வேலையின் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

டேலியில் உங்கள் பெயர்

டேலியைப் பற்றி எழுத அதிகமில்லை. டேலி ஈஆர்பி 9-ஆ, டேலி பிரைமா, எதில் எத்தனை வருடம் என்று தெளிவாக எழுதினால் போதும். பரீட்சை வைக்கும்போது உட்காரவைத்து நான்கு என்ட்ரி போடச் சொல்வார்கள், அங்கே தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது பயனர் பெயரை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் அணைக்க முடியாதபடி பதிவாக வேண்டும். கூட்டாண்மைக்கு இது கட்டாயமில்லை என்றாலும் எடிட் லாக் பலரிடம் இருக்கிறது. ஆனால் அலுவலகம் முழுக்க ஒரே ‘அட்மின்’ பாஸ்வேர்டில் உள்ளே போனால் அந்தத் தடத்துக்கு அர்த்தமில்லை. நீங்கள் போன பிறகு யாரோ அழித்த பில்லும் உங்கள் தலையில் விழலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தனிப் பயனர் பெயர் கேளுங்கள். கடைசி நாளில் அதை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எந்த மாதம் வரை ரிட்டர்ன் போயிருக்கிறது, எது பாக்கி என்று ஒரு பக்கக் கைமாற்றுக் குறிப்பு எழுதி, வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடத்தை எப்படி நிரூபிப்பது?

அனுபவச் சான்றிதழ் தராத முதலாளி உண்டு. அதற்காகத் தெரிந்த கடையின் லெட்டர்ஹெட்டில் ஒன்றை அடித்துக்கொள்பவர்களும் உண்டு. போலி ஆவணம் தயாரிப்பதும் அதை உண்மையானதுபோலக் காட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தனித்தனிக் குற்றங்கள். பிஎப் கணக்கு உள்ளவர்களின் பணி வரலாற்றில் நிறுவனப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருப்பதால், சரிபார்ப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு வேலைகளின் தேதி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் உடனே தெரியும்.

அதே பதிவு உங்களுக்கும் உதவும். பழைய முதலாளி விலகல் தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், விலகி இரண்டு மாதம் கழித்து யுஏஎன் தளத்தில் நீங்களே பதியலாம். இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் பிஎப் இல்லாமல் இருக்கக்கூடும். அங்கே சம்பளம் ஏறிய வங்கிப் பட்டியல், நியமனக் கடிதம், ராஜினாமா மின்னஞ்சல், அந்தக் கைமாற்றுக் குறிப்பு ஆகியவை சேர்ந்தால் நான்கு வருடத்துக்கு வலுவான சான்றாகும். சம்பளத்தைக் கையில் வாங்குபவர்கள் இன்றே வங்கிக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது நல்லது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமையாக்கப்பட்டிருக்கிறது. வேலையிலிருந்து விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ‘ஆடிட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று இழுப்பவரிடம் இதைச் சுட்டிக்காட்டலாம்.

அசல் பட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நிற்கவில்லை. பணத்தைக் கையாளும் வேலை, அதனால் பிணை என்பார்கள். அப்படிப் பிடித்துவைக்க எந்தச் சட்டமும் முதலாளிக்கு உரிமை கொடுக்கவில்லை. சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டால், எந்தத் தேதியில் எந்தச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, திருப்பித் தரும்படி ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகம், வழக்கறிஞர் நோட்டீஸ், காவல் நிலையம் என்று போகலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதன் உதவி எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

பான் எண் எதற்கு?

வேலை கிடைக்கும் வரை ரெஸ்யூமில் பான், ஆதார், வங்கிக் கணக்கு எதுவும் தேவையில்லை. பெயர், கைபேசி, மின்னஞ்சல், ஊர் போதும். நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு சம்பளத்துக்காகக் கொடுத்தால் போதுமானது. ‘டாக்குமெண்ட் வெரிபிகேஷன்’ என்று பான், ஆதார் நகலை முன்கூட்டியே கேட்பவர்கள், அதற்குக் கட்டணமும் கேட்பவர்கள் ஆபத்தானவர்கள். அடுத்தவர் பான், ஆதாரைக் கொண்டு ஜிஎஸ்டி பதிவெடுத்து, போலி பில் போட்டு, வரி நோட்டீஸை அப்பாவிகளின் வீட்டுக்கு அனுப்பிய சம்பவங்கள் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன.

ஏற்கெனவே பல இடங்களுக்கு அனுப்பிவிட்டவர்கள், ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழையாமலே, Search Taxpayer பகுதியில் Search by PAN என்பதைத் திறந்து தங்கள் பான் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பானில் எந்த மாநிலத்தில் என்ன பதிவு இருக்கிறது என்று வரும். தெரியாத பதிவு வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். அந்தப் புகாரின் நகலோடு, பதிவு எந்த அதிகாரியின் வரம்பில் இருக்கிறதோ அவருக்கு, இது என் பதிவல்ல, ரத்து செய்யுங்கள் என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும் பதியுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, செய்யாத விற்பனையோ கொள்முதலோ உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்; இருந்தால் அது என்னுடையதல்ல என்று அங்கேயே பதில் பதிய வசதி இருக்கிறது.